வீட்டுக்காரர் செய்த மேம்பாட்டு வேலையும் வாடகை ஏற்றமும்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

வாடகைத் தகராறுகளில் கூட உட்கார்ந்து பில் பார்த்துக் கொடுப்பது எனக்குப் பல வருடப் பழக்கம். "வீட்டுல வேலை பார்த்தேன், அதனால வாடகையை ஏத்துறேன்" என்று வீட்டுக்காரர் சொல்லும்போது எழும் சந்தேகங்கள் பெரும்பாலும் ஒன்றேதான். அவற்றை இங்கே சேர்த்து வைத்திருக்கிறேன். சட்டம் ஊருக்கு ஊர் மாறும். அதனால் சில நாட்டு விதிகளைப் பக்கத்தில் வைத்து, எல்லா இடத்துக்கும் பொருந்தும் கணக்கைத்தான் முக்கியமாக எழுதுகிறேன். தொகைகளுக்கு எந்த நாணயமும் போடவில்லை. உங்கள் ஊர்ப் பணமாகவே எடுத்துக்கொள்ளுங்கள்.

அவர் வீடு, அவர் காசு போட்டு வேலை செஞ்சிருக்கார். வாடகை ஏத்துறது நியாயம்தானே?

பாதி நியாயம். வீட்டில் முன்பு இல்லாத ஒரு நன்மையைச் சேர்த்திருந்தால், அதற்கான செலவில் ஒரு பங்கை வாடகையில் கேட்பதைப் பல நாட்டுச் சட்டங்கள் ஏற்கின்றன. ஆனால் நீங்கள் மாதாமாதம் கொடுக்கும் வாடகையே, குடியிருக்கத் தகுந்த வீட்டுக்கான விலை. ஒழுகாத கூரை, வரும் தண்ணீர், மூடுகிற கதவு எல்லாம் அதற்குள் அடக்கம். அவற்றைச் சரிசெய்ததற்கு மறுபடியும் பணம் கேட்டால், ஒரே பொருளை உங்களிடம் இரண்டு முறை விற்பதாகிவிடும்.

ஆகவே "வேலை செய்தாரா" என்று கேட்டு நின்றுவிடாதீர்கள். "எந்த வேலை, அதில் எவ்வளவு புதிது" என்று கேளுங்கள்.

எது ரிப்பேர், எது மேம்பாடுன்னு எப்படிப் பிரிக்கறது?

இந்த வேலையைச் செய்யாமல் விட்டிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று யோசித்துப் பாருங்கள். வீடு இருந்த நிலையிலிருந்து கெட்டுப்போயிருக்கும் என்றால் அது பழுதுபார்ப்பு. வீடு அப்படியே இருந்திருக்கும், புதிய வசதி மட்டும் வந்திருக்காது என்றால் அது மேம்பாடு. துருப்பிடித்த குழாயை மாற்றுவது பழுது. லிஃப்ட் இல்லாத கட்டடத்தில் லிஃப்ட் வைப்பது மேம்பாடு. சுண்ணாம்பு, பெயின்ட், உடைந்த ஓடு, அடைத்த சாக்கடை எல்லாம் பழுதின் பக்கம்தான் வரும்.

டெல்லி வாடகைக் கட்டுப்பாட்டுச் சட்டம் (1958) இந்தக் கோட்டை அப்போதே போட்டுவிட்டது. மேம்பாட்டுக்கோ கட்டுமான மாற்றத்துக்கோ செலவழித்தால் வாடகையை ஏற்றலாம். அலங்காரத்துக்கும் வழக்கமான பழுதுக்கும் செலவழித்ததைச் சேர்க்க முடியாது. இந்தியாவின் மாதிரி வாடகைச் சட்டமும் (2021) வீட்டுக்காரர் செய்தே ஆகவேண்டிய பழுதுகளை இந்தக் கணக்கிலிருந்து விலக்குகிறது.

பழசை எடுத்துட்டு அதைவிட நல்லதா புதுசு போட்டிருக்கார். அது ரிப்பேரா, மேம்பாடா?

இரண்டும்தான். பெரும்பாலான சண்டை இங்கேதான் நடக்கிறது. பழைய ஜன்னலை எடுத்துவிட்டு இரட்டைக் கண்ணாடி ஜன்னல் வைத்தார் என்று வைத்துக்கொள்வோம். சத்தமும் வெப்பமும் குறைவது மேம்பாடு. ஆனால் பழைய ஜன்னல் எப்படியும் சீக்கிரம் மாற்றவேண்டிய நிலையில் இருந்திருந்தால், அந்த மாற்றச் செலவு அவர் தலையில் விழவேண்டியதே. அதைக் கழித்துவிட்டு மீதியைத்தான் உங்களிடம் கேட்க முடியும்.

ஜெர்மனியில் இது சட்டத்திலேயே இருக்கிறது. மேம்படுத்தும் வேலைக்குள் பராமரிப்புச் செலவு கலந்திருந்தால் அதை மதிப்பிட்டுக் கழிக்கவேண்டும். "பழைய ஜன்னல் உடையவில்லையே, நன்றாகத்தானே இருந்தது, அப்புறம் எதைக் கழிப்பது?" என்று அங்கே வீட்டுக்காரர்கள் வாதிட்டார்கள். சுமார் 60 வருடப் பழைய ஜன்னல்கள், கதவுகள் பற்றிய வழக்கில் அந்நாட்டு உச்ச நீதிமன்றம் 2020 ஜூனில் அதை ஏற்கவில்லை. உடையாவிட்டாலும் ஆயுளில் பெரும்பகுதி தீர்ந்துபோன பொருளை மாற்றினால், தீர்ந்த பகுதிக்கான பங்கைக் கழித்தே ஆகவேண்டும் என்றது.

வீட்டிலேயே போட்டுப் பார்க்க எளிய வழி இருக்கிறது. 20 வருடம் உழைக்கும் பம்ப்செட் 15 வருடம் ஓடிவிட்டது. அதே மாதிரிப் புது பம்ப் ஒன்றின் விலையில் முக்கால் பங்கு பழுதுக் கணக்கு. அதை மொத்தத்திலிருந்து கழித்த பிறகு மிஞ்சுவதைப் பற்றிப் பேசலாம்.

மாடியில வேலை பார்த்ததுக்கு 9,60,000 பில் காட்டறார். எட்டு வீடு இருக்கு, மாசம் 2,000 கூடக் குடுங்கன்னு கேக்கறார். கணக்கு சரியா?

இந்தக் கேள்வியைக் கேட்டவர் பில்லையும் கொண்டுவந்திருந்தார். அதனால் முழுசாகவே பார்ப்போம். அவர் வாடகை 15,000. வீட்டுக்காரர் போட்ட கணக்கு: 9,60,000-ஐ எட்டால் வகுத்தால் வீட்டுக்கு 1,20,000. அதை ஐந்து வருடத்தில், அதாவது 60 மாதத்தில் வாங்கினால் மாதம் 2,000. வகுத்தலில் தப்பில்லை. வகுக்க எடுத்துக்கொண்ட தொகையில்தான் தப்பு.

பில்லில் நாலு வரி. ஒழுகிய மொட்டை மாடிக்குப் புது நீர்த்தடுப்புப் பூச்சு 4,20,000. அதன்மேல் புதிதாகப் போட்ட வெப்பத்தடுப்பு ஓடு 3,60,000. மாடிப்படிச் சுவருக்குப் பெயின்ட் 60,000. "மேற்பார்வை" என்று 1,20,000. மேல் வீட்டில் இருப்பவர் தன் படுக்கையறை மூலையின் ஈரக் கறையை, வேலைக்கு ஒன்பது மாதம் முன்பே தேதியோடு போட்டோ எடுத்து வீட்டுக்காரருக்கு அனுப்பியிருந்தார். அந்த ஒரு போட்டோ போதும், முதல் வரி பழுது என்று காட்ட. மாடி ஒழுகிக்கொண்டிருந்தது, பூச்சு அவர் செய்தே ஆகவேண்டிய வேலை. பெயின்ட்டும் போய்விடுகிறது. மேற்பார்வைக்கு ரசீது கேட்டபோது வரவில்லை. அது வீட்டுக்காரரின் உறவினர் எழுதிக்கொடுத்த வெறும் சீட்டு. உண்மையாகவே நின்று மேற்பார்த்திருந்தாலும், அந்த வேலையில் வெப்பத்தடுப்புக்கு உரிய பங்கு பாதிக்கும் குறைவுதான்.

மிஞ்சுவது 3,60,000. வெப்பத்தடுப்புக்கு அரசு மானியம் 60,000 வந்திருந்தது, அதைப் பில்லில் காட்டவில்லை. அவர் கையிலிருந்து போகாத பணத்தை உங்களிடம் கேட்க முடியாது. அதையும் கழித்தால் 3,00,000. எட்டு வீட்டுக்குப் பிரித்தால் 37,500. இந்த ஓடு சுமார் 15 வருடம் உழைக்கும் என்று காண்ட்ராக்டரின் கொட்டேஷனிலேயே இருந்தது. 180 மாதத்துக்குப் பிரித்தால் மாதம் 208. ஆண்டுக்கு 8 சதவீத வட்டியும் சேர்த்தால் 358. கேட்டது 2,000.

எத்தனை வருஷத்துக்குப் பிரிக்கணும்னு யார் முடிவு பண்றது? வட்டி சேர்க்கலாமா?

அந்தப் பொருள் எத்தனை வருடம் உழைக்குமோ அத்தனை வருடம். சில ஊர்களில் பொருளுக்கு இத்தனை வருடம் என்று பட்டியலே போட்டிருக்கிறார்கள். பட்டியல் இல்லாத இடத்தில் காண்ட்ராக்டர் எழுதிக் கொடுத்த உத்தரவாதத்தையும் கொட்டேஷனையும் பாருங்கள். "ஐந்து வருடத்தில் என் பணம் வந்துவிட வேண்டும்" என்பது வீட்டுக்காரரின் ஆசை. ஓட்டின் ஆயுளுக்கும் அதற்கும் சம்பந்தமில்லை. ஐந்து வருடத்தில் நீங்கள் காலி செய்தால், மீதிப் பத்து வருடப் பயனுக்கும் சேர்த்து நீங்களே பணம் கட்டியிருப்பீர்கள்.

வட்டி கேட்பதை நான் தவறு என்று சொல்லமாட்டேன். அவர் கடன் வாங்கியிருந்தால் அந்த வட்டியும் உண்மையான செலவுதான். வட்டி வேண்டும் என்பவர் ஆயுள் முழுவதும் பிரிக்கவும் சம்மதிக்கவேண்டும். வட்டியையும் சேர்த்துக்கொண்டு ஐந்து வருடத்திலும் வாங்கிவிடுகிறேன் என்றால் ஒத்துக்கொள்ளாதீர்கள்.

செலவு முழுசா வசூலான அப்புறம் அந்த ஏத்தம் குறையுமா?

தானாகக் குறையாது. நீங்கள் எழுதி வாங்கியிருந்தாலோ, உங்கள் ஊர்ச் சட்டம் அப்படிச் சொன்னாலோதான் குறையும். மேலே பார்த்த 2,000 ஐந்து வருடத்தில் நிற்காமல் ஓடுகளின் ஆயுளான 15 வருடமும் ஓடினால், ஒரு வீட்டிலிருந்து 3,60,000, எட்டு வீட்டிலிருந்து 28,80,000. அவர் காட்டிய பில்லைப் போல மூன்று மடங்கு.

இதில் ஊருக்கு ஊர் பெரிய வித்தியாசம் உண்டு. சான்பிரான்சிஸ்கோவில் இந்தத் தொகையை அடிப்படை வாடகையோடு கலக்காமல் தனி வரியாக வைக்கிறார்கள். காலம் முடிந்ததும் அது விழுந்துவிடும். நியூயார்க்கில் வாடகைக் கட்டுப்பாட்டுக்கு உட்பட்ட வீடுகளில், கட்டடம் முழுவதற்கும் செய்த மேம்பாட்டுக்கான ஏற்றம் முன்பு நிரந்தரமாக நின்றது. 2019-இல் சட்டத்தை மாற்றி, 30 வருடத்தில் நீங்கவேண்டும் என்று கொண்டுவந்தார்கள். ஜெர்மனியில் செலவில் 8 சதவீதத்தை வருட வாடகையில் சேர்க்கலாம் (2019-க்கு முன்பு 11 சதவீதம்). வட்டி பார்க்காவிட்டால் பன்னிரண்டரை வருடத்தில் போட்ட பணம் வந்துவிடுகிறது, ஆனால் ஏற்றம் அப்படியே நிற்கிறது.

உங்கள் ஊரில் விதி எதுவும் இல்லையென்றால் ஒப்பந்தத்தில் ஒரே ஒரு வாக்கியம் எழுதி வாங்குங்கள்: இந்தத் தொகை வாடகையிலிருந்து தனி, இன்ன மாதத்தோடு முடியும். தனியாக வைப்பதில் இன்னொரு லாபமும் இருக்கிறது. வருடாந்தர 5 சதவீதமோ 10 சதவீதமோ ஏற்றும்போது, அது இந்தத் தொகையின் மேலும் ஏறாது.

என்கிட்ட ஒரு வார்த்தை கேக்காம வேலையை முடிச்சுட்டு இப்போ பணம் கேக்கறார். குடுக்கணுமா?

பல சட்டங்களில் உங்கள் பக்கம் மிகவும் பலமாக இருக்கும் இடம் இது. மாதிரி வாடகைச் சட்டப்படி, வேலை தொடங்கும் முன்பே இருவரும் எழுத்தில் ஒப்புக்கொண்டிருக்கவேண்டும். ஒப்புக்கொண்ட தொகையைத்தான் ஏற்றலாம், அதுவும் வேலை முடிந்து ஒரு மாதம் கழித்து. மாதிரிச் சட்டம் உங்கள் மாநிலத்தில் அப்படியே அமலில் இருக்காது, மாநிலச் சட்டம் எதுவென்று பாருங்கள். தமிழ்நாட்டின் பழைய 1960-ஆம் ஆண்டுச் சட்டம் இன்னும் கறாராக இருந்தது. குடியிருக்கும் வீட்டில் செய்த மேம்பாட்டுக்காக நியாய வாடகையை உயர்த்தவேண்டுமென்றால், வாடகைதாரரே அந்த வேலையைக் கேட்டிருக்கவேண்டும்.

ஜெர்மனியில் உங்கள் சம்மதம் தேவையில்லை. ஆனால் மூன்று மாதம் முன்பே வேலையின் விவரமும் எதிர்பார்க்கும் ஏற்றமும் எழுத்தில் வரவேண்டும். அறிவிக்காமல் செய்தாலோ, அறிவித்ததைவிட ஏற்றம் 10 சதவீதத்துக்கு மேல் கூடினாலோ, ஏற்றம் அமலுக்கு வருவது ஆறு மாதம் தள்ளிப்போகும்.

ஒன்றைக் கவனியுங்கள். கேட்காமல் ஏற்றிய வாடகையை மூன்று நாலு மாதம் பேசாமல் கட்டினால், சம்மதித்துவிட்டீர்கள் என்று பின்னால் வாதம் வரும். பிடிக்கவில்லை என்றால் முதல் மாதமே எழுதிவிடுங்கள்.

நான் தரைத்தளம். லிஃப்ட்டை ஒரு தடவைகூடத் தொட்டதில்லை. எனக்கும் பங்கா?

ஒருவருக்கு வந்த நன்மையைப் பார்த்துத்தான் அவர் பங்கு இருக்கவேண்டும் என்பது என் கருத்து. மாடி ஏறவே வேண்டாத வீட்டுக்கு லிஃப்ட்டில் சமபங்கு கேட்பது எனக்கு நியாயமாகத் தெரியவில்லை, அதை ஆட்சேபியுங்கள். மொட்டை மாடி உங்களுக்கும் திறந்திருந்து, துணி உலர்த்த லிஃப்ட்டில் போய்வருகிறீர்கள் என்றால் ஒரு சிறு பங்கு பேசலாம். மேலே பார்த்த வெப்பத்தடுப்பு ஓட்டிலும் இதே நியாயம் உண்டு. குளிர்ச்சி முக்கியமாக மேல் தளத்துக்குத்தான். எட்டால் சமமாக வகுத்தது கீழ் வீடுகளுக்குக் கொஞ்சம் பாதகம்தான். அந்தக் கட்டடத்தில் பேசி, மேல் தளத்து இரண்டு வீடுகள் கூடுதலாக எடுத்துக்கொண்டன.

வகுக்கும் எண்ணையும் சரிபாருங்கள். வீட்டுக்காரர் குடியிருக்கும் வீடு, காலியாக இருக்கும் வீடு, கீழே இருக்கும் கடை எல்லாம் எண்ணிக்கையில் வரவேண்டும். எட்டுக்குப் பதில் ஆறால் வகுத்தால் உங்கள் பங்கு மூன்றில் ஒரு பங்கு கூடிவிடும்.

எங்க வாசல்ல கிரானைட் பதிச்சு, செடி வெச்சு, கேமரா மாட்டிட்டு எல்லாத்துக்கும் சேர்த்துக் கேக்கறார். இதெல்லாம் யார் கேட்டா?

கேமராவையும் கிரானைட்டையும் ஒரே மூட்டையில் கட்டாதீர்கள். கனடாவின் ஒன்டாரியோ மாகாணத்தில் இதற்கு நல்ல அளவுகோல் வைத்திருக்கிறார்கள். பெரிய பழுது தேவைப்படாத ஒன்றை மாற்றிய செலவைப் பொதுவாக ஏற்பதில்லை. மாற்றுத்திறனாளிகள் வந்துபோக வசதி, மின்சாரம் அல்லது தண்ணீர்ச் சேமிப்பு, பாதுகாப்பு இவற்றில் ஒன்றைக் கூட்டினால்தான் ஏற்கிறார்கள். அந்த அளவுகோலில் கேமரா தேறலாம். நன்றாக இருந்த தரையின்மேல் பதித்த கிரானைட் தேறாது. அது வீட்டின் விற்பனை மதிப்பைக் கூட்டுகிறது, அந்த லாபம் வீட்டுக்காரருக்கே போகும்.

கணக்கு எல்லாம் சரிதான், ஆனா என்னால அவ்வளவு குடுக்க முடியாது. அதுக்கு ஏதாவது வழி இருக்கா?

உச்சவரம்பு இருக்கிறதா என்று முதலில் பாருங்கள். ஒன்டாரியோவில் வழக்கமான வருட ஏற்றத்துக்கு மேல் வருடத்துக்கு 3 சதவீதம், மூன்று வருடத்தில் மொத்தம் 9 சதவீதம். நியூயார்க்கில் 2019-க்குப் பிறகு வருடத்துக்கு 2 சதவீதம். ஜெர்மனியில் ஆறு வருடத்துக்குள் சதுர மீட்டருக்கு மாதம் 3 யூரோவைத் தாண்டக்கூடாது; ஏற்றத்துக்கு முந்தைய வாடகை சதுர மீட்டருக்கு 7 யூரோவுக்குக் குறைவாக இருந்தால் 2 யூரோ. அங்கே வருமானத்தைக் காட்டி "எனக்கு இது கடும் சிரமம்" என்று ஆட்சேபிக்கவும் வழி உண்டு. அதை அறிவிப்பு வந்த மாதத்துக்கு அடுத்த மாத முடிவுக்குள் சொல்லவேண்டும். வேலை முடியும்வரை காத்திருந்துவிட்டு வருகிறவர்கள் இந்தக் கெடுவைத் தவறவிடுகிறார்கள்.

வரம்பு இல்லாத ஊரில் படிப்படியாக ஏற்றும்படி கேளுங்கள். மாதம் 358-ஐ முதல் வருடம் 150, அடுத்த வருடம் 250 என்று தொடங்க ஒப்புக்கொண்ட வீட்டுக்காரர்களை நான் பார்த்திருக்கிறேன். நல்ல வாடகைதாரரை இழந்து வீட்டை ஒரு மாதம் காலியாகப் போட்டால் அவருக்கு அதைவிட அதிகம் நஷ்டம்.

எந்த இடத்துல நான் வாயை மூடிக்கிட்டுக் குடுத்துடறதுதான் சரி?

நீங்களே கேட்டு வாங்கிய வசதி. முன்கூட்டியே தொகையைச் சொல்லி, நீங்கள் எழுத்தில் ஒப்புக்கொண்ட வேலை. புது வசதியால் உங்கள் செலவு குறைந்து, அந்த மிச்சம் ஏற்றத்தைவிட அதிகமாக இருக்கும் வேலை. உதாரணமாக, சூரிய ஒளியில் இயங்கும் வாட்டர் ஹீட்டர் வந்த பிறகு மின்கட்டணத்தில் மாதம் 400 குறைந்து, அவர் 250 கேட்டால், ஆட்சேபிப்பதற்கு எனக்குக் காரணம் தெரியவில்லை.

வேலை முடிந்த பிறகு புதிதாகக் குடிவந்தவர்களும் இதில் சேர்வார்கள். நீங்கள் பார்த்துப் பேசி ஒப்புக்கொண்ட வாடகையிலேயே அந்த வசதி அடங்கிவிட்டது. ஆனால் குடிவந்த பிறகு "போன வருடம் மாடி போட்டேன், அதற்குத் தனியாகக் கொடுங்கள்" என்றால் மறுத்துவிடுங்கள்.

சரி, ஆட்சேபிக்கறேன். என்னன்னு எழுதறது? வாடகையை நிறுத்திடட்டுமா?

வாடகையை நிறுத்தாதீர்கள். நிறுத்தினால் பேச்சு பில்லை விட்டு உங்கள் பாக்கிக்குப் போய்விடும், காலி செய்யச் சொல்ல அவருக்குக் காரணமும் கிடைத்துவிடும். பழைய வாடகையைத் தேதி தவறாமல் கட்டுங்கள். நீங்கள் ஒத்துக்கொள்ளும் பங்கு இருந்தால் அதையும் சேர்த்து, வங்கி வழியாகக் கட்டி, எது எதற்கு என்று குறிப்பில் எழுதுங்கள்.

கடிதத்தில் கோபம் வேண்டாம், நாலு ஆவணம் கேட்டால் போதும்: வரி வரியாகப் பிரித்த பில், பணம் கட்டிய ரசீது, மானியமோ காப்பீட்டுத் தொகையோ வந்த விவரம், எத்தனை வீட்டுக்கு எத்தனை வருடத்துக்குப் பிரித்தார் என்ற கணக்கு. மேலே மாடி பில்லோடு வந்தவர் இப்படித்தான் எழுதினார்: "ஐயா, மாடி வேலைக்காக மாதம் 2,000 கூடுதலாகக் கேட்டிருக்கிறீர்கள். ஒழுகலைப் பற்றி மேல் வீட்டில் இருப்பவர் வேலைக்கு ஒன்பது மாதம் முன்பே உங்களுக்குத் தெரிவித்திருந்தார். அதைச் சரிசெய்த செலவு பராமரிப்பு என்று கருதுகிறேன். வெப்பத்தடுப்பு ஓட்டுக்கான என் பங்கைத் தரத் தயார். மானியம் போக, எட்டு வீட்டுக்கும் 15 வருடத்துக்கும் பிரித்தால் வட்டியோடு மாதம் 358 வருகிறது. கணக்கை இணைத்திருக்கிறேன். மேற்பார்வைச் செலவுக்கு ரசீது காட்டினால் அதையும் பேசலாம். அதுவரை வாடகை 15,000-உடன் 358 சேர்த்துக் கட்டுகிறேன்."

பத்து நாள் கழித்து வீட்டுக்காரர் போன் செய்தார். மேற்பார்வையைப் பற்றிப் பேச்சே எடுக்கவில்லை. 500 கேட்டார், 400-க்கு முடிந்தது. தனி வரியாக, 180-வது மாதத்தோடு நிற்கும் என்று ஒப்பந்தத்தின் பின்பக்கத்தில் இருவரும் கையெழுத்துப் போட்டார்கள்.